அதே தவணை, ஆனால் எத்தனை வருடம்?

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஏற்றத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீத ஏற்றம். ரெப்போவோடு கட்டப்பட்ட வீட்டுக்கடன்கள் எல்லாவற்றிலும் அதே இரண்டரை சதவீதம் ஏறியது. ஆனால் சேலையூர் கேம்ப் ரோட்டைச் சுற்றியும், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், செம்பாக்கம் பக்கமும் கடனில் ஃபிளாட் வாங்கியிருந்த பல குடும்பங்களின் கணக்கில் மாதாமாதம் கழிந்த தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. வட்டி விகிதம் மாறியிருக்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. இஎம்ஐ அதேதான் என்று பார்த்ததும் பலர் அதை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

ஏறிய வட்டி எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அது தவணைக் காலத்தில் போய்ச் சேர்ந்தது. வட்டி ஏறினால் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டுவது, இறங்கினால் தவணையைத் தொடாமல் காலத்தைச் சுருக்குவது என்பதுதான் நம் ஊர்க் கடன் கொடுப்பவர்கள் பலரும் தானாகக் கடைப்பிடிக்கும் வழி. இது கடனாளிக்குச் செய்யும் உதவியா, ஓசையில்லாமல் ஏற்றும் சுமையா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. ஒரு கடனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சேலையூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்கு 2021 ஏப்ரல் 1 அன்று 30 லட்ச ரூபாய் கடன், 20 வருடம், அதாவது 240 தவணை என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ரெப்போ 4 சதவீதம். அதன் மேல் வங்கி 3 சதவீதம் வைக்கிறது. ஆக வட்டி 7 சதவீதம், இஎம்ஐ 23,259 ரூபாய். ஒவ்வொரு காலாண்டின் முதல் நாளும் வட்டி திருத்தப்படுகிறது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி திருத்தப்பட வேண்டும் என்பது விதி. எனவே இந்த அனுமானம் நடப்புக்கு வெகு அருகில் இருக்கிறது.

முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் 17,500 ரூபாய் வட்டி, 5,759 ரூபாய் அசல். மாறும் வட்டிக் கடனில் எல்லாமே இந்தப் பிரிவினையில்தான் நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் வங்கி முதலில் பாக்கி அசலுக்கு வட்டியைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவதுதான் அசலுக்குப் போகிறது. தவணையின் மொத்தத்தை அசைக்காமல் வட்டியை ஏற்றினால், ஏறிய ஒவ்வொரு ரூபாயும் அசலுக்குப் போக வேண்டிய பங்கிலிருந்துதான் வெட்டப்படும். அசல் மெதுவாகக் கரையும், காலம் நீளும். இதில் சதி எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்தான். நம்மை ஏமாற்றுவது அது நீளும் வேகம்.

2022 ஜூன் வரை 15 தவணை ஒழுங்காகக் கட்டியாயிற்று. அசல் பாக்கி 29,09,997 ரூபாய், மீதம் 225 தவணை. அதன் பிறகு இஎம்ஐயைத் தொடாமல் விட்டால் நடப்பது இது:

| திருத்த நாள் | வட்டி (%) | அந்த மாத வட்டி (ரூ.) | அந்த மாத அசல் (ரூ.) | மீதத் தவணைகள் | பழைய கணக்குப்படி |
|---|---|---|---|---|---|
| 2022 ஜூலை 1 | 7.90 | 19,157 | 4,102 | 265 | 225 |
| 2022 அக்டோபர் 1 | 8.90 | 21,491 | 1,768 | 349 | 222 |
| 2023 ஜனவரி 1 | 9.25 | 22,295 | 964 | 415 | 219 |
| 2023 ஏப்ரல் 1 | 9.50 | 22,874 | 385 | 521 | 216 |

முதல் வரியையும் கடைசி வரியையும் கவனியுங்கள். முதல் வரியில் கிட்டத்தட்ட ஒரு சதவீத ஏற்றம் 40 தவணையைத்தான் கூட்டியது. கடைசி வரியில் வெறும் கால் சதவீத ஏற்றம் நூற்றுக்கும் மேற்பட்ட தவணைகளைக் கூட்டிவிட்டது. 18 வருடத்தில் முடிய வேண்டிய கடன் இப்போது 43 வருடம் தாண்டி நிற்கிறது. 35 வயதில் கடன் வாங்கியவர் 80 வயதில்தான் பத்திரத்தைத் திரும்ப வாங்குவார்.

காரணம் இதுதான். மீதக் காலத்தைத் தீர்மானிப்பது தவணையில் அசலின் பங்கு எவ்வளவு என்பது. தொடக்கத்தில் அந்தப் பங்கு 25 சதவீதம். ஜூலையில் 18, அக்டோபரில் 8, ஜனவரியில் 4, ஏப்ரலில் 2 சதவீதத்துக்கும் கீழே. 9, 9.5 சதவீத வட்டியில் அந்தப் பங்கு ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் ஏறத்தாழ ஏழரை வருடம் கூடுகிறது. 20 சதவீதம் 10 ஆனாலும் ஏழரை வருடம்தான், 4 சதவீதம் 2 ஆனாலும் ஏழரை வருடம்தான். பங்கு சிறுத்துக்கொண்டே போகும்போது அதைப் பாதியாக்கச் சின்ன வட்டி ஏற்றமே போதும் என்பதால், கடைசிக் கால் சதவீதம் அவ்வளவு கொடுமையாக வேலை செய்கிறது. வட்டி 9.66 சதவீதத்தைத் தொட்டிருந்தால் 23,259 ரூபாய் முழுவதும் வட்டிக்கே போயிருக்கும். கடன் என்றைக்குமே முடியாது. அதற்கு மேல் போனால் கட்டக் கட்ட அசலே வளரும்.

யார் வேண்டுமானாலும் எக்செலில் இதைச் சரிபார்க்கலாம். 2023 ஏப்ரல் 1 அன்று அசல் பாக்கி 28,89,351 ரூபாய்:

```
=NPER(9.5%/12, -23259, 2889351)
```

விடை 520.1 என்று வரும். வட்டி, தவணை, பாக்கி மூன்றையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துப் போட்டால் உங்கள் கடனின் உண்மையான மீதக் காலம் தெரிந்துவிடும்.

நடைமுறையில் எந்த வங்கியும் 521 தவணை வரை விடாது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். பெரும்பாலான வங்கிகள் மொத்தக் காலத்துக்கு 30 வருடம் போல ஓர் உச்சவரம்பும், கடனாளியின் வயதுக்கு ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன. அதைத் தொட்டதும் இஎம்ஐ ஏறும். ஆனால் நம் கணக்கில் 30 வருட வரம்பு 2022 அக்டோபரிலேயே உடைகிறது. கட்டிய 18 தவணையோடு 349-ஐக் கூட்டினால் 367. அதாவது, வரம்பு தடுக்கத் தொடங்குமுன்பே பத்து வருடம் போய்விட்டது. நீட்டுவதற்கு இனி இடமில்லை என்ற கட்டத்தில்தான் வரம்பு வேலை செய்யும். கடனாளிக்குத் தேவையான எச்சரிக்கை அதற்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டும்.

இப்போது வங்கியின் பக்க வாதத்தைக் கேட்போம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் பழைய 216 தவணைக்குள்ளேயே கடனை முடிக்க வேண்டுமானால் இஎம்ஐ 27,966 ரூபாய் ஆக வேண்டும். ஒரே வருடத்துக்குள் மாதம் 4,707 ரூபாய், அதாவது 20 சதவீத ஏற்றம். பள்ளிக் கட்டணமும், ஓஎம்ஆருக்கோ மெப்ஸுக்கோ போய்வரும் செலவும், ஃபிளாட் பராமரிப்புத் தொகையும் ஏற்கெனவே சம்பளத்தைப் பங்கு போட்டுவைத்திருக்கும் வீட்டில் இது சின்ன அடி அல்ல. தவணை தவறினால் அபராதம் விழும், கடன் மதிப்பெண் அடிபடும். தொடர்ந்து தவறினால் வாராக்கடன் பட்டியல்தான். கணக்கிலிருந்து பணம் தானாகக் கழிய எழுதிக்கொடுத்த ஒப்புதலிலும் ஓர் உச்சத் தொகை இருக்கும். தவணை அதைத் தாண்டினால் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்குள் ஒரு தவணை திரும்பினால் இன்னொரு தொல்லை. இந்த அதிர்ச்சியைக் குடும்பத்தின் மீது விடாமல் காலத்தின் மீது விடுவது ஒரு வகையில் பாதுகாப்புதான். 2022-23-ல் லட்சக்கணக்கான குடும்பங்கள் மாதச் செலவைக் குலைக்காமல் தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. நீட்டித்தால் மொத்தம் கட்டுவது இரண்டு மடங்காகிறது என்று பலரும் சொல்கிறார்கள். கணக்கு அப்படித்தான் காட்டும். 216 தவணையில் முடித்தால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு மொத்தம் 60.4 லட்சம், 521 தவணைக்கு ஓடினால் ஏறத்தாழ 121 லட்சம். ஆனால் 2060-ல் கட்டும் 23,259 ரூபாயும் இன்றைய 23,259 ரூபாயும் ஒன்றல்ல. இரண்டு வழியிலும் வட்டி அதே 9.5 சதவீதம்தான். நீட்டிப்பவர் அதிக விலை கொடுப்பதில்லை, அதே விலைக்கு நீண்ட நாள் கடன் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த மறுப்பு சரியானது. மொத்த வட்டியை மட்டும் காட்டிப் பயமுறுத்தும் விமர்சனம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

ஆனால் அதே மறுப்பை இறுதிவரை கொண்டுபோனால் அது வங்கியின் வாதத்துக்கு எதிராகவே திரும்புகிறது. 9.5 சதவீதத்துக்கு நீண்ட நாள் கடன் வைத்திருப்பது லாபம் என்றால், கட்டாமல் விட்ட அந்த 4,707 ரூபாய் வேறெங்கோ வரி போக 9.5 சதவீதத்துக்கு மேல் ஈட்ட வேண்டும். வங்கி வைப்புத்தொகையில் அது நடக்காது. அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் கேள்வியே இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், நீட்டிப்பு கடனாளியிடமிருந்து எடுத்துக்கொள்வது வட்டியை மட்டும் அல்ல. வீட்டில் அவருக்கு இருக்க வேண்டிய பங்கையும் அது எடுத்துக்கொள்கிறது. வட்டி 9.5-லேயே நின்று, அடுத்த 5 வருடம் பழைய தவணையே கட்டினால் 13.96 லட்ச ரூபாய் கட்டியிருப்பார். அசல் குறைந்திருப்பது 29,420 ரூபாய் மட்டும். தவணையை 27,966 ஆக்கியிருந்தால் கூடுதலாகக் கட்டுவது 2.82 லட்சம், அசல் குறைவதோ 3.89 லட்சம். வேலை மாற்றத்துக்காக அந்த ஃபிளாட்டை விற்க வேண்டி வந்தால் இந்த வித்தியாசம் கையில் வரும் காசில் நேரடியாகத் தெரியும்.

இந்த நிலையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய இடம் இருக்கிறது. வருமான வரிக்காக வருடா வருடம் அலுவலகத்தில் கொடுக்கும் வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழ்தான் அது. அதில் அந்த நிதியாண்டின் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று இரண்டு வரி இருக்கும். நம் கடனில் 2021-22-ன் அசல் வரி 71,369 ரூபாய். தவணையைத் தொடாமல் விட்டிருந்தால் 2023-24-ல் அதே வரி 4,826 ரூபாய் என்று காட்டும். இரண்டு வருடத்திலும் கட்டிய மொத்தம் ஒன்றே, 2,79,108 ரூபாய். பலர் இந்தத் தாளில் வட்டி வரியை மட்டும் வரிக்கழிவுக்காகப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். பார்க்க வேண்டியது அசல் வரி. போன வருடத்தைவிட அது குறைந்திருந்தால் காலம் நீண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். வட்டி மாறாத கடனில் அந்த வரி ஒவ்வொரு வருடமும் ஏறத்தான் வேண்டும்.

கடனின் வயதும் இதில் முக்கியம். இதே 30 லட்சக் கடன் 15 வருடம் ஓடி முடிந்து, 60 தவணை மட்டும் மீதமிருக்கும்போது வட்டி 7-லிருந்து 9.5 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாக்கி 11.75 லட்சம். தவணையில் வட்டியின் பங்கு 40 சதவீதம்தான். காலம் 60-லிருந்து 65 தவணையாகும். அதே இரண்டரை சதவீத ஏற்றம், அதே தவணை. இங்கே ஐந்து மாதம், அங்கே இருபத்தைந்து வருடம். ஆகவே 'காலத்தை நீட்டுவது நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பதே தவறு. பழைய கடனுக்கு அது பொருட்படுத்தத் தேவையில்லாத வசதி. புதிய நீண்ட காலக் கடனுக்கு அது பெரிய முடிவு. ஆனால் வங்கியின் கணினி இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது.

நம் நாட்டில் மட்டும் இது நடக்கவில்லை. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இதே கதை வேறு பெயரில் தெரியும். கனடாவில் மைய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்து 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. தவணை மாறாத மாறும் வட்டிக் கடன் வாங்கிய பலருக்குத் தவணை முழுவதும் வட்டிக்கே போகும் நிலை வந்தது. சிலருக்கு அசலே வளர்ந்தது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அப்போது தவணை பழைய மொத்தக் காலத்துக்கு ஏற்பத் திருத்தப்படும். வலி தள்ளிப்போகும், ஆனால் ஒரு நாள் கணக்கு நேராகும். இங்கிலாந்தில் பொதுவாக அதற்கு நேரெதிர். வட்டி மாறினால் தவணை மாறும், காலம் அப்படியே நிற்கும். நம் ஊர் வழக்கத்தில் அப்படி ஒரு கணக்குத் தீர்க்கும் நாள் கிடையாது. கடனாளி கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் நீண்டது நீண்டதுதான்.

ரிசர்வ் வங்கி இதைக் கவனிக்காமல் இல்லை. 2023 ஆகஸ்ட் 10 அன்று நிதிக்கொள்கை அறிக்கையில் அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ், கடனாளிகளுக்குச் சரியாகத் தெரிவிக்காமலும் அவர்கள் சம்மதம் இல்லாமலும் காலம் அளவுக்கு மீறி நீட்டப்பட்ட பல நிகழ்வுகள் தெரியவந்திருப்பதாகச் சொன்னார். ஆகஸ்ட் 18-ல் சுற்றறிக்கை வந்தது. வட்டி திருத்தப்படும்போது தவணையை ஏற்றலாமா, காலத்தை நீட்டலாமா, இரண்டையும் கலக்கலாமா என்று கடனாளியிடம் கேட்க வேண்டும். பகுதியாகவோ முழுதாகவோ முன்கூட்டிக் கட்டும் உரிமை எப்போதும் இருக்க வேண்டும். நீட்டிப்பால் அசல் வளரும் நிலை வரக்கூடாது. ஒவ்வொரு காலாண்டும் இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதத் தவணைகளின் எண்ணிக்கை, வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை தர வேண்டும். 2023 டிசம்பர் 31-க்குள் பழைய கடன்களுக்கும் இது பொருந்த வேண்டும். வங்கிகளோடு வீட்டுக்கடன் நிறுவனங்களும் இதில் அடக்கம்.

இது நல்ல விதி. ஆனால் அது வந்த நேரத்தைப் பாருங்கள். ரெப்போவின் கடைசி ஏற்றம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நம் அட்டவணையின் கடைசி வரிக்கும் நாலு மாதம் கழித்துத்தான் சுற்றறிக்கையே. இரண்டாவது குறை அதைவிட ஆழமானது. விதி தேர்வைக் கொடுக்கச் சொல்கிறது. தேர்வு செய்யாமல் மௌனமாக இருப்பவருக்கு எது நடக்க வேண்டும் என்பதை வங்கிகளின் நிர்வாகக் குழு ஏற்கும் கொள்கைக்கே விட்டுவிடுகிறது. குறுஞ்செய்திக்குப் பதில் போடாதவர்கள்தான் அதிகம். ஆகவே மௌனத்துக்கு என்ன விளைவு என்பதே நடைமுறையில் உண்மையான விதி. மூன்றாவதாக, அசல் வளரக்கூடாது என்ற எல்லை நம் கணக்கில் 9.66 சதவீதத்தில் வருகிறது. 9.5-ல் 385 ரூபாய் அசல் கழிந்தாலே விதி மீறப்படவில்லை. 43 வருடம் ஆகிவிட்ட கடனைப் பார்த்து, இது வளரவில்லையே என்று திருப்திப்படும் எல்லை அது.

தவணையை நிறுத்திவைக்கும் வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதினால் அநியாயமாகிவிடும். 2025 பிப்ரவரி முதல் ரெப்போ இறங்கத் தொடங்கியது. ஜூன் 6-ல் 5.5, டிசம்பர் 5-ல் 5.25. நம் கடனாளி 2023 ஏப்ரலில் நடுவழியைத் தேர்ந்தெடுத்தார் என்று கொள்வோம். மொத்தம் 30 வருடத்தில் முடியும்படி, அதாவது மீதம் 336 தவணையாக வரும்படி, இஎம்ஐயை 24,614 ஆக்கிக்கொண்டார். இங்கே ஒரு வியப்பைக் கவனிக்க வேண்டும். மாதம் 1,355 ரூபாய் மட்டும் கூட்டியதால் 185 தவணை குறைந்தது. அசல் பங்கு ஏறக்குறைய அற்றுப்போன நிலையில் சின்னக் கூட்டலுக்கு அவ்வளவு பலன்.

2026 ஜனவரி 1 திருத்தத்தில் அவருடைய வட்டி 8.25. பாக்கி 28.08 லட்சம், மீதம் 303 தவணை. இப்போது தவணையைத் தொடாமல் விட்டால் 224 தவணையில் கடன் முடியும். 303-லேயே காலத்தை நிறுத்தித் தவணையைக் குறைக்கச் சொன்னால் மாதம் 22,072 ரூபாய் ஆகும், 2,542 ரூபாய் மிச்சம். ஆனால் ஆறரை வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஏற்றத்தில் ஓசையில்லாமல் தின்ற அதே வழக்கம், இறக்கத்தில் ஓசையில்லாமல் திருப்பிக் கொடுக்கிறது. யாரும் கேட்காமலேயே 79 தவணை போய்விட்டது. வட்டி குறையும்போது கடனாளியின் மௌனம் அவருக்கே நன்மை செய்கிறது.

ஆனால் அந்த நன்மை தானாக எல்லோருக்கும் வந்து சேர்வதில்லை. 2019 அக்டோபருக்கு முன் எம்சிஎல்ஆர் முறையில் வாங்கிய கடன்களில் திருத்தம் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறைதான் இருக்கும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் விதி பொருந்தாது. அவை தாங்களே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியை வைத்துத்தான் நடத்துகின்றன. ஏற்றும்போது உடனே ஏற்றி இறக்கும்போது தயங்க அங்கே இடம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தவணை மாறாதது மட்டும் அல்ல, காலமும் சுருங்காமலேயே இருக்கலாம். ரெப்போ 1.25 சதவீதம் இறங்கியும் தன் கடன் அறிக்கையில் மீதத் தவணை எண் அசையாதவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் கடன் எந்த அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

இனித் தீர்ப்பு. மாறாத தவணை ஏமாற்று அல்ல. அதன் கணக்கு நேர்மையானது, நோக்கத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. வட்டி இறங்கும்போது அதுதான் சரியான இயல்பு வழி, யாரும் அதை மாற்றச் சொல்லத் தேவையில்லை. வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு என்று மூச்சுத் திணறும் வீடு மட்டும் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். கடன் முடியும் தறுவாயில் இருப்பவருக்கு ஏற்றத்திலும் அது தீங்கில்லை. ஆனால் கடன் வாங்கி முதல் ஐந்தாறு வருடத்துக்குள் இருப்பவருக்கு, வட்டி ஏறும் காலத்தில், அது தவறான இயல்பு வழி. ஒரு பெரிய முடிவைக் கடனாளியின் பெயரில், அவர் எடுத்தது போல, அவர் அறியாமலேயே அது எடுத்துவிடுகிறது. தவணை நிலையாக இருக்கிறது என்பதைக் கடன் நிலையாக இருக்கிறது என்று நம்ப வைப்பதுதான் இந்த வழக்கத்தின் உண்மையான குற்றம்.

ஆகவே எல்லை வேறு இடத்தில் இருக்க வேண்டும். அசல் வளரக்கூடாது என்பது போதாது. திருத்தத்துக்குப் பிறகு தவணையில் அசலின் பங்கு 15 சதவீதத்துக்குக் கீழே போகுமானால், மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் இஎம்ஐ ஏற வேண்டும், அல்லது கடனாளி எழுத்தில் நீட்டிப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. 15 ஏன் என்றால், 9.5 சதவீத வட்டியில் அசல் பங்கு 15 ஆக இருந்தால் மீதம் 20 வருடம். ஏற்கெனவே சில வருடம் கட்டியவருக்கு அதுவே அதிகம். நம் அட்டவணையில் 2022 ஜூலை திருத்தம் இந்தச் சோதனையில் தேறும், அக்டோபர் திருத்தம் தேறாது. அன்றே கேட்டிருந்தால் கூட்ட வேண்டிய தொகையும் 4,707-ஐவிடக் குறைவாகவே இருந்திருக்கும். ஏற்றத்தைப் படிப்படியாக ஏற்கும் குடும்பம் ஒரே அடியில் 20 சதவீதத்தைச் சந்திக்க வேண்டியதில்லை, வங்கி அஞ்சும் அதிர்ச்சியும் அதில் தணியும்.

விதி மாறும் வரை இந்தச் சோதனையைக் கடனாளியே செய்துகொள்ளலாம். கடன் கணக்கு அறிக்கையில் கடைசி மாதத்தின் வட்டிப் பற்றை எடுத்து இஎம்ஐயால் வகுக்க வேண்டும். 0.85-ஐத் தாண்டினால் அடுத்த வேலைநாளில் கிளைக்கு ஒரு கடிதம்: 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையின்படி தவணையை இந்தத் தொகைக்கு உயர்த்துங்கள், திருத்திய தவணை அட்டவணையைத் தாருங்கள். தவணையை உயர்த்த முடியாத வீடு போனஸ் வரும் மாதத்தில் ஒரு தொகையை அசலில் கட்டலாம். தனிநபர் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கட்டும்போது அது அசலில் வரவு வைக்கப்பட்டு, தவணை குறையாமல் காலம் குறையும்படி பதிவானதா என்று ரசீதிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். 2026 ஜனவரியில் வட்டி 8.25-க்கு இறங்கிய நிலையில், 2021-லும் 2022-லும் கடன் வாங்கியவர்கள் பலருக்கு அந்த விகிதம் 0.85-க்குக் கீழே வந்துவிட்டிருக்கலாம். நம் கடனாளிக்கு அது 0.78. தவணையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று வங்கி கேட்டால், இந்த நிலையில் வேண்டாம் என்பதுதான் கணக்குச் சொல்லும் பதில்.